பெட்டியைப் பார்த்து எழுதிய நம்பர்

எனக்கு வாய்க்கொழுப்பு அதிகம். தல்லாகுளத்தில் ஒரு டிவி கடையில் பில் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் அது இன்னும் கூடுதல். கடையில் களவு போய் இரண்டு வாரம்கூட ஆகவில்லை. முன்பக்கக் கண்ணாடியை உடைத்து, அங்கே ஓடவிட்டு வைத்திருந்த கலர் டிவியோடு சேர்த்து நாலு செட்டைத் தூக்கிவிட்டார்கள். ஸ்டாக் நோட்டைப் பார்த்து அந்த நாலின் சீரியல் நம்பரையும் நான்தான் எழுதிப் போலீசுக்குக் கொடுத்தேன். ஒரு நகலை என் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன்.

அன்று காலை, கப்பலூரில் கம்பெனி வேலை பார்ப்பவர் ஒருவர், மனைவியோடு ஆட்டோவில் டிவியைக் கொண்டுவந்து இறக்கினார். எங்களிடம் வாங்கி ஒரு மாதம்தான், படம் வரவில்லை என்று வாரண்டி கார்டை நீட்டினார். செட்டைத் திருப்பிப் பின்பக்க ஸ்டிக்கரைப் பார்த்தேன். கார்டில் ஒரு நம்பர், செட்டில் வேறு நம்பர். அதோடு போனதா? செட்டில் இருந்த நம்பர் என் மேஜைக் கண்ணாடிக்கு அடியிலும் இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அண்ணே, களவு போன செட்டுண்ணே இது!" என்று கடை முழுக்கக் கேட்கக் கத்தினேன்.

முதலாளி ஓடிவந்து அவர் சட்டையைப் பிடித்தார்.

"நம்மகிட்ட வாங்குனத வீட்டுல வச்சுக்கிட்டு, களவாண்ட செட்டுக்கு நம்மகிட்டயே வாரண்டியா? எம்புட்டு நெஞ்சழுத்தம்யா ஒனக்கு!"

"சத்தியமா இங்க வாங்குனதுதான் சார். போலீசு கேசுன்னா கம்பெனியில வேலைய விட்டுத் தூக்கிருவாங்க சார்."

முதலாளியின் இன்னொரு கை போனை எடுத்துவிட்டது. அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

"அண்ணே, நீங்கதான பில்லு போட்டீங்க? கண்ணாடிக்குள்ள ஓடுறதே வேணும்னு நான் அடம்பிடிச்சேன்ல? புதுசு ஒண்ணப் பிரிச்சு அங்க வச்சுட்டு, அந்தப் பெட்டியிலதான இதப் போட்டுத் தந்தீங்க?"

ஐயோ, ஆமாம்! செட்டைத் திருப்பிப் பார்க்கச் சோம்பல்பட்டு, பெட்டியில் இருந்த நம்பரைத்தான் பில்லிலும் கார்டிலும் எழுதி, ஸ்டாக் நோட்டிலும் அதையே கழித்திருந்தேன். அதனால் இவருக்கு விற்ற டிவி, நோட்டுக் கணக்கில் இன்னும் கண்ணாடிக்குள்ளேயே இருந்தது. திருடன் கொண்டுபோன செட்டின் நம்பர்தான் இவர் கார்டில் இருந்தது. தப்பான நம்பரைப் போலீசுக்குக் கொடுத்து, ஒரு பாவமும் அறியாத மனுசனைத் திருடனாக்கிவிட்டேன், பாவி.

"போன வைங்கண்ணே. தப்பு என்னுது" என்றேன்.

முதலாளி சட்டையை விட்டார். ஒரு பட்டன் அறுந்து தரையில் உருண்டது. அந்த அம்மா குனிந்து அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். புருசன் சுவரைப் பார்த்தபடி நின்றார். நான் மன்னிப்புக் கேட்டது அவர் காதில் விழுந்ததா என்று இன்றுவரை தெரியவில்லை.

புதுக் கார்டு எழுதச் செட்டைத் திருப்பினேன். ஸ்டிக்கருக்கு முன்னால் குனிந்தேன்.

"தள்ளுங்க. நான் வாசிக்கிறேன், நீங்க எழுதுங்க" என்று அந்த அம்மா ஸ்டிக்கருக்கு நேராகக் குத்தவைத்து உட்கார்ந்தார். நான் கத்தினேன் அல்லவா, அதே சத்தத்தில், கடை முழுக்கக் கேட்கும்படி ஒவ்வொரு எண்ணாக வாசித்தார்.