தனியாள் பற்றி நான் எழுதிய கட்டுரை

டீச்சர் இருந்தார். கோயம்புத்தூர்க்காரர், என் மகனைவிடச் சின்ன வயது. அருவங்காட்டிலிருந்து வரும் கேன்டீன்காரர் இருந்தார். கேத்தியில் கேரட் கழுவும் பெண் இருந்தாள். நான் இருந்தேன். மழைக்கு வேறு யாரும் வரவில்லை.

குன்னூரில் ஒரு பள்ளிக்கூடம். படிப்பை விட்டவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பத்தாவது பாடம் நடக்கும்.

எனக்குப் பத்தாவது வேண்டியிருந்தது. முழங்கால் போய்விட்டது, சரிவில் நின்று கொழுந்து பறிக்க முடியாது. எஸ்டேட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை ஒன்று காலி. அதற்குப் பத்தாவது பாஸ் கேட்டார்கள். கட்டுரையில் இருபதுக்குப் பன்னிரண்டு வாங்கினால்தான் டீச்சர் பரீட்சைக்குப் பெயர் அனுப்புவார்.

ஆளுக்கொரு சொல் எடுத்து அதைப் பற்றி எழுத வேண்டும். சொல்லுக்கு என்ன பொருள் என்று முதலில் விளக்கினால் ஐந்து மதிப்பெண். கடைசிவரை பொருள் மாறாமல் எழுதினால் ஐந்து. மீதிப் பத்து, சொல்ல வந்ததை நிறைவாகச் சொல்வதற்கு.

நான் தனியாள் என்ற சொல்லை எடுத்தேன். தனியாக இருக்கிற ஆள் தனியாள் என்று போன வாரம் எழுதியிருந்தேன். டீச்சர் அடித்துவிட்டார். சொல்லை அதே சொல்லால் விளக்கினால் தெரியாதவருக்கு ஒன்றும் விளங்காது என்றார். இந்த வாரம் மாற்றினேன். வீட்டில் கூட இன்னொருவர் இல்லாமல் வாழ்கிறவர் தனியாள்.

எங்கள் வகுப்பில் ஒருவர் கட்டுரையை இன்னொருவர் படிப்பார். விளக்கத்தையும், அந்தச் சொல் வரும் வரிகளையும் மட்டும்தான் படிப்பார். விளக்கத்தோடு ஒட்டாத வரி வந்தால் மற்றவர்கள் கை தூக்க வேண்டும்.

என்னுடையதைக் கேன்டீன்காரர் படித்தார். கேன்டீனில் டோக்கன் கூப்பிடுகிற குரல்.

"எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் நான் தனியாள்."

கை எழவில்லை.

"மகன் ஏழாவது படிக்கும்போது வீட்டுக்காரர் இறந்தார், அன்றே நான் தனியாள் ஆனேன்."

கேரட் பெண் கை தூக்கினாள். "ஏனுங்க அக்கா, பையன் ஊட்லதானுங்க இருந்தான்? அப்பறம் எப்படித் தனியாளு?"

கேன்டீன்காரர் அடுத்த வரிக்குப் போனார்.

"என் மகன் இப்போது திருப்பூரில் தனியாள்."

"ரூமுல எத்தனை பேருங்க?" என்று கேன்டீன்காரரே கேட்டார்.

"ஆறு பேர்."

"ஆறு பேரு படுக்கற ரூமுல தனியாளா? அவனுக்குப் பொரளவே எடமிருக்காதுங்க." சிரித்துக்கொண்டே கை தூக்கினார். அந்தப் பெண்ணும் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்து நிறுத்தினாள்.

டீச்சர் சிரிக்கவில்லை. "விளக்கம் நல்லா இருக்குங்க அக்கா. வரிங்கதான் அதை விட்டுப் போயிருச்சு. ஒண்ணு, விளக்கத்தை மாத்துங்க. இல்லைன்னா வரியை மாத்துங்க. டீ குடிச்சிட்டு வர்றோம், எழுதி வைங்க" என்றார்.

மூவரும் போனார்கள். ஜன்னலுக்கு வெளியே மஞ்சு மூடியிருந்தது. எதிரில் இருந்த கட்டடம் தெரியவில்லை.

விளக்கத்தை மாற்றினேன். மனதில் இருப்பதைச் சொல்ல ஆள் இல்லாதவர் தனியாள். அவர் இறந்த வரி அதற்குள் வந்தது. மகன் வரி வருமா என்று தெரியவில்லை. அவன் யாரிடம் என்ன சொல்கிறான் என்று எனக்குத் தெரியாது.

அவர்கள் வந்ததும் காட்டினேன். கேரட் பெண் படித்துவிட்டு, "அப்ப பஸ்ஸுல எங்கிட்டச் சொல்றதெல்லாம் என்னங்க அக்கா? நான் ஆளில்லையா?" என்றாள். விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். முகம் மாறிவிட்டது.

"அப்படி இல்ல சாமி" என்றேன்.

டீச்சர் கேட்டார். "சொல்றதுக்கு ஆள் இல்லைங்கறது வேற. ஆள் இருந்தும் சொல்ல முடியலைங்கறது வேற. நீங்க எதைச் சொல்றீங்க?"

யோசித்தேன். எனக்குப் பிடிபடவில்லை.

"அவர் போன அன்னைக்கு இருந்ததுக்கு வேற வார்த்தை போடலாமே அக்கா. தனியாளுங்கறதை முதல்ல சொன்ன அர்த்தத்துக்கே விட்டுடலாம்."

"வேற வார்த்தை எனக்குத் தெரியாதுங்க டீச்சர்."

அவர் சொல்லித் தரவில்லை. என் கட்டுரைக்கு அவர் வார்த்தை கொடுக்கக் கூடாது. அது சட்டம்.

பழைய விளக்கத்தையே திரும்ப எழுதினேன். அவர் இறந்த வரியை அடித்தேன். அதைச் சுற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன், அதையும் அடித்தேன். மகன் வரியை அடித்தேன். ஒரு தட்டு கழுவுவது, கதவை நானே பூட்டி நானே திறப்பது, இவை நின்றன. முக்கால் பக்கம்கூட வரவில்லை.

கேன்டீன்காரர் மறுபடி படித்தார். இந்த முறை மெதுவாகப் படித்தார். யாரும் கை தூக்கவில்லை.

டீச்சர் பேனாவை எடுத்தார். "சொல்ல வந்ததையே எடுத்துட்டீங்களே அக்கா" என்றார். பிறகு போட்டார்.

விளக்கத்துக்கு ஐந்து. மாறாமல் எழுதியதற்கு ஐந்து. மீதிப் பத்துக்கு இரண்டு.

பன்னிரண்டு.