சொட்டு என்று எழுதாதது

கொல்லிமலைக் குடிநீர்த் திட்டங்களின் பம்பு இயக்கக் கையேட்டை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கும் வேலை எனக்குக் கிடைத்தபோது, ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் மூன்று வழிகள் இருந்தன. ஒலியை அப்படியே தமிழ் எழுத்தில் எழுதலாம். புழக்கத்தில் இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் புதிதாக ஆக்கலாம். நான் மெக்கானிக்கல் படித்தவன். தமிழ்ப் பற்றும் உண்டு. என்னைவிடப் பொருத்தமான ஆள் இல்லை என்று நம்பினேன்.

வால்வு, பம்பு, மோட்டார் எல்லாம் அப்படியே நின்றன. கிளாண்டு வந்தபோதுதான் சொல்லாய்வுக் குழுவில் பேச்சு நீண்டது. அகராதியைப் பார்த்து ஒருவர் ‘சுரப்பி’ என்றார். உடம்பிலுள்ள சுரப்பியைப் பம்பில் எங்கே தேடுவது? கிளாண்டு என்றே எழுதலாம் என்று போராடி வென்றேன்.

பம்பின் சுழலும் தண்டு வெளியே வருமிடத்தில் கயிறு போன்ற பேக்கிங்கைச் சுற்றி, கிளாண்டு என்ற வளையத்தை நட்டு போட்டு இறுக்குவார்கள். ஆனால் முழுக்க இறுக்கக் கூடாது. நீர் துளித் துளியாக வெளியே வந்தபடி இருக்க வேண்டும். அந்த நீர்தான் தண்டைக் குளிர்விக்கிறது. ஆங்கிலக் கையேடு இதை ‘டிரிப்’ என்றது. மோட்டார் தானாக நின்றுபோவதற்கும் டிரிப் என்றே எழுதியிருந்தேன். ஆங்கிலத்தில் முன்னதற்கு முதலெழுத்து D, பின்னதற்கு T. தமிழில் ஒரே எழுத்து. ஆகவே இங்கே அந்த வழி அடைபட்டது.

மலையூர்த் தொகுதிகளில் ஒன்றான குண்டனி நாட்டில் ஒரு பம்பு அறைக்குப் போய் ஆபரேட்டரிடம் கேட்டேன். என் வயதுதான் இருக்கும். மிளகும் மரவள்ளியும் போடுகிற குடும்பம். எட்டாம் வகுப்பு வரை படித்தவர்.

“இதுக்கு என்னங்க சொல்லுவீங்க?”

“சொட்டுங்க. சொட்டு நிக்காம பாத்துக்கோணும். நின்னுதுன்னா கயிறு கருகிப் போயிருமுங்க.”

நோட்டில் குறித்துக்கொண்டேன். திரும்பும் வழியில் சோளக்காடு என்ற ஊரில் பஸ் ஏறும்போதே அதைக் கைவிட்டுவிட்டேன். ஒரு பொறியியல் ஆவணத்தில் ‘சொட்டு’ என்று எழுதுவதா? அனுமதிக்கப்பட்ட கசிவு என்ற பொருளில் ‘இசைவுக்கசிவு’ என்று ஆக்கினேன். குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “அருமைங்க, இதுதான் தமிழ்” என்றார். அன்று எனக்கு இருந்த பூரிப்பை இப்போது நினைக்கவே கூசுகிறது.

அச்சான கையேடு மலைக்குப் போனது. சில மாதங்களில் அந்தப் பம்பு நின்றது. போய்ப் பார்த்தேன். பேக்கிங் கரிந்து கட்டியாகியிருந்தது. தண்டின் மேலுறை மோதிரம் மோதிரமாகத் தேய்ந்திருந்தது. கிளாண்டு நட்டு இரண்டும் கடைசி வரை இறுக்கப்பட்டிருந்தன.

“நீங்களா இறுக்குனீங்க?”

“ஆமாங்க.” கையேட்டை விரித்து, கோளாறு அட்டவணையில் விரலை வைத்தார். ‘கசிவு காணப்பட்டால் நட்டை இறுக்குக.’ குழாய் இணைப்புகளுக்காக எழுதிய வரி அது. நான்கு பக்கம் தள்ளி, ‘கிளாண்டில் இசைவுக்கசிவைப் பேணுக’ என்றிருந்ததைக் காட்டினேன்.

“அதும் கசிவுதானுங்களே? அதுக்கு மின்னாடி இருக்கற ‘இசைவு’ எனக்குப் புரியலீங்க.”

“சொட்டு நிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“சொன்னேனுங்க. படிச்சவிய அச்சுல போட்டிருக்காங்க, நாந்தான் இத்தன வருசமா தப்பா ஓட்டிட்டு இருந்தேனாட்டம்னு நெனச்சுட்டேன்.”

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். வெளியே பெண்கள் குடத்தோடு ஓடைக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். புது உறை வரும்வரை அப்படித்தான் இறங்க வேண்டியிருந்தது.

விசாரணைக் குறிப்பில் அதிகாரிகள் ‘ஆபரேட்டரின் கவனக்குறைவு’ என்று எழுதினார்கள். பிழை என் சொல்லில்தான் என்று கடிதம் கொடுத்தேன். அந்தச் சொல் குழுவின் ஒப்புதல் பெற்றது என்று பதில் வந்தது. அவரை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

‘சொட்டு’ என்று மாற்றக் கேட்டு குழுவின் முன் போய் நின்றேன். தலைவர் பொறுமையாகத்தான் கேட்டார். பிறகு, இசைவுக்கசிவில் வல்லினம் மிகுவது சரிதானா என்று ஒருவர் கிளப்ப, மீதி நேரம் அதில் போனது. திருத்தம் அடுத்த பதிப்பில் பரிசீலிக்கப்படும் என்று குறித்துக்கொண்டார்கள்.

அடுத்த பதிப்பு வரவில்லை. மலையிலுள்ள பம்பு அறைகளில் அந்தக் கையேடுதான் இன்றும் ஆணியில் தொங்குகிறது. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதைப் படித்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.