நீல பேசினும் நண்டும்

மட்டக்களப்பில் வீட்டிலிருந்தபடியே கணினி நிறுவனமொன்றுக்கு வேலை செய்கிறேன். அதற்காக யாரும் என்னை மேடையேற்றியதில்லை. வாவிக்கு அக்கரையிலுள்ள படுவான்கரையில் படிப்பிக்கும் என் சிநேகிதிதான் ஏற்றினாள்.

"பத்துப் புள்ளையள் பேர் குடுத்தாத்தான் உயர்தரத்துக்குக் கம்ப்யூட்டர் பாடம் தொடங்கலாமாம். இப்ப அஞ்சுதான் இருக்கு. இல்லாட்டிப் பாடமும் இல்ல, இஞ்ச எனக்கு வேலையும் இல்ல. நல்லாப் பேசுகா, சொதப்பிப் போடாத!"

இயந்திரக் கற்றல் பற்றித் தமிழில், சின்னச் சின்ன உதாரணங்களோடு பேச வேண்டும். இவ்வளவுதானே, வாறன் என்று சொல்லிவிட்டேன். என் வாய்க்கொழுப்பை அடக்க அன்று வீட்டில் யாருமில்லை.

ஆண் நண்டையும் பெண் நண்டையும் பிரிக்கக் கணினிக்குப் பழக்குவோம் என்று முடிவெடுத்தேன். மல்லாத்திப் பார்த்தால் வயிற்று மடல் ஒடுங்கியிருந்தால் ஆண், அகன்றிருந்தால் பெண். வாவிக்கரைப் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல உதாரணம் உண்டா? இரண்டு வாரம் வீட்டுக்கு வந்த நண்டையெல்லாம் மல்லாத்திப் படமெடுத்து, ஒவ்வொன்றுக்கும் ஆண், பெண் என்று பெயரிட்டுக் கணினிக்குக் கொடுத்தேன். பிறகு அது பார்க்காத புதுப் படங்களைக் காட்டினேன். ஒன்றில்கூடப் பிழை விடவில்லை. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டேன். "நண்டு அவியுது, போ" என்றா அம்மா.

பாடசாலை மண்டபத்தில் எடுத்த எடுப்பிலேயே கேட்டேன். "உங்கட போன் நீங்க எழுதப் போற சொல்ல முந்தியே காட்டுதே, ஆர் சொல்லிக் குடுத்த?"

"நாங்க எழுதினத்தப் பாத்துப் பழகியிருக்கும் மிஸ்" என்றான் ஒருவன்.

"அதுதான் விசயம்! சட்டம் எழுதிக் குடுக்கல்ல. உதாரணம் குடுக்கம், அதுவே ஒற்றுமையப் பிடிக்குது" என்றேன். சிநேகிதி பின்வரிசையில் தலையாட்டினாள். என் படங்களைத் திரையில் ஓட்டிவிட்டு, வீட்டிலிருந்து சாக்கோடு கொண்டுவந்த நண்டுகளில் ஒன்றைக் கால்கட்டோடு எங்கள் வீட்டுப் பிளாஸ்டிக் பேசினில் மல்லாத்தி வைத்துக் கணினியின் கமெராவைப் பிடித்தேன். பெண் என்றது. சரி. கைதட்டினார்கள். நான் கொஞ்சம் குனிந்து வேறு வணங்கினேன். இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

அப்போது முன்வரிசையிலிருந்து ஒரு பிள்ளை எழும்பினாள். தகப்பன் வாவியில் நண்டு பிடிக்கிறவராம்.

"மிஸ், உங்கட படத்தில பெண் நண்டெல்லாம் நீல பேசினுக்குள்ளதான் கிடக்கு. ஆணெல்லாம் சாக்குக்கு மேல. ஏன்?"

திரையைத் திரும்பிப் பார்த்தேன், ஒன்றுவிடாமல் அப்படித்தான். எங்கள் வீட்டில் நண்டு வந்தால் அம்மா பெண் நண்டைப் பேசினில் போடுவா, ஆணைச் சாக்கில் கொட்டுவா. பிறந்ததிலிருந்து பார்க்கிறேன், அதனால் கண்ணில் படவேயில்லை. சோதித்துப் பார்த்த படங்களும் அதே குசினியில் எடுத்தவைதானே!

அவள் கேட்காமலே வந்து ஆண் நண்டொன்றைப் பேசினில் மல்லாத்தினாள். கணினி பெண் என்றது. பிறகு தன் செருப்பைக் கழற்றி உள்ளே வைத்தாள்.

பெண்.

மண்டபம் வெடித்துச் சிரித்தது. ஒருவன் சாப்பாட்டுப் பெட்டியைச் சாக்கில் வைத்தான். ஆண் நண்டாம். அதற்குத் தெரிந்தது இரண்டே விடைதானே, எதைக் காட்டினாலும் ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். சிநேகிதி நெற்றியில் கைவைத்தாள். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போல் இருந்தது.

"நான் நண்டப் படிப்பிச்சனெண்டு நினைச்சன் புள்ளையள், அது எங்கம்மாட பழக்கத்தைப் படிச்சிருக்கு" என்றேன். வேறு என்ன சொல்ல?

"அப்ப மாத்திப் படிப்பிப்பம் மிஸ்!" என்றார்கள். யாரும் வகுப்புக்குப் போகவில்லை. கிடந்த நண்டுகளைப் பேசினிலும் சாக்கிலும் மேசையிலும் சீமெந்திலும் மாற்றி மாற்றிப் படமெடுத்தார்கள். ஒவ்வொன்றும் ஆணா பெண்ணா என்று அந்தப் பிள்ளைதான் தீர்ப்புச் சொன்னாள். மூன்று நண்டை மட்டும் படமெடுக்காமல் சோதனைக்கென்று ஒளித்தும் வைத்தாள்; நான் சொல்லிக்கொடுக்க மறந்த விசயம் அது. புதிதாகப் பழக்கிப் பார்த்தபோது மூன்றில் இரண்டு சரி வந்தது. முன்பு எல்லாம் சரி வந்ததைவிட இது எனக்குச் சந்தோசமாக இருந்தது.

சிநேகிதியின் தாளில் அங்கேயே நாலு பேர் எழுதினார்கள். ஒன்பது. அந்தப் பிள்ளையோ செருப்பைக் கழுவிக்கொண்டு நின்றாள்.

"நீ எழுதல்லியா?"

"நான் கம்ப்யூட்டர் தொட்டதே இல்ல மிஸ்."

"நான் நாள் முழுக்க அதைத்தான் தொடுறன். அந்த நீல பேசினக் கண்டனா?"

சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துவிட்டுப் பேனையை வாங்கினாள்.