சாட்சியாய்ப் போன விண்ணப்பம்

பயணக் காப்பீட்டு நிறுவனத்தின் மறுப்புக் கடிதத்தை நேசையா மீண்டும் படித்தார். பயணி தம் விருப்பத்தால் பயணத்தை முடித்துக்கொண்டமையால் இழப்பீடு இல்லை என்றது அது. பாளையங்கோட்டையில் தமிழாசிரியராய் இருந்து ஓய்வுபெற்றவர் அவர். விண்ணப்பத்தில் தாம் எழுதியதே தமக்கு எதிராக நின்றது அவருக்கு விளங்கவில்லை.

புனிதப் பயணக் குழுவோடு ஜோர்தானில் இருந்தபோதுதான் மனைவி பாக்கியவதி தொலைபேசியில் அழைத்தாள். சீவலப்பேரிச் சாலையில் பேருந்து மோதி, மகன் மெர்வின் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தான். நேசையா அன்றே வேறு டிக்கெட் எடுத்துத் திரும்பினார். மெர்வின் பிழைத்தான், ஆனால் பாக்கியவதியின் மூட்டு அறுவைச் சிகிச்சைக்கென வைத்திருந்த பணம் அந்த டிக்கெட்டுக்குப் போயிற்று.

பாலிசியை விற்ற முகவர் குற்றாலலிங்கம் விண்ணப்பத்தின் நகலைக் கேட்டு வாங்கினார். கர்த்தர் தமக்குச் செய்ததை ஆலயத்தில் எழுந்து சாட்சியாகச் சொல்லும் முறையிலேயே நேசையா அதை எழுதியிருந்தார். காலை ஜெபத்தில் உள்ளம் கலங்கிற்று, ஊர் திரும்பு என்னும் ஏவுதல் உண்டாயிற்று, கீழ்ப்படிந்தேன். மெர்வின் கடைசிப் பத்தியில்தான் வந்தான், அதுவும் கிருபையால் சுகமடைந்தவனாக.

“இதுல விபத்து எங்கன இருக்கு அண்ணாச்சி? நீங்களா மனசு மாறி வந்த மாதிரில்லா இருக்கு.”

“நடந்ததைத்தான் எழுதுனேன். ஏவுதல் முதல்ல வந்துது, போன் பெறகுதான் வந்துது. அதை மறைக்கச் சொல்லுதீரா?”

“போன் வரலைன்னா டிக்கெட் எடுத்திருப்பியளா?”

அன்று காலை உள்ளம் கலங்கிய பின்னும் நேசையா குழுவோடு நேபோ மலைக்குச் செல்லும் வண்டியில் ஏறி, சன்னலோரம் இடம்பிடித்து அமர்ந்திருந்தார். கைப்பேசி ஒலித்தது அங்கேதான்.

“எடுத்திருக்க மாட்டேன் வே.”

“அப்ப அதையே எழுதுங்க. குடும்பத்து ஆள் ஆஸ்பத்திரியில கெடந்து நீங்க திரும்புனாத்தான் பாலிசி செல்லும். கர்த்தர் கூப்பிட்டதுக்கு அதுல எடமில்ல.”

பின்னர் அலைச்சல் தொடங்கிற்று. சேர்க்கப்பட்ட நாளும் நேரமும், உயிருக்கு ஆபத்து இருந்ததும் மருத்துவரின் சான்றில் இருக்க வேண்டும். மருத்துவரோ விடுப்பில் இருந்தார். மகன் என்பதற்குப் பிறப்புச் சான்று, புதிய டிக்கெட், போர்டிங் பாஸ் எல்லாம் சேர்ந்தன. ‘சொந்த விருப்பத்தால் விலகினார்’ என்று முன்பு எழுதிக் கொடுத்திருந்த பயண ஏற்பாட்டாளர், ஒரே பயணத்துக்கு இரண்டு சான்றா என்று கடிந்து, பலமுறை நடக்கவிட்ட பிறகே, மகனின் விபத்துச் செய்தி கிடைத்தபின் புறப்பட்டார் என்று திருத்தித் தந்தார். விண்ணப்பத்தை நேசையா அரைப் பக்கத்தில் மறுபடி எழுதினார்: செய்தி, டிக்கெட், பயணம். வேறொன்றும் இல்லை.

டிக்கெட் பணம் வந்தது. பாக்கியவதி மருத்துவமனையில் மூட்டு அறுவைக்கு நாள் குறித்து வந்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போதகர், ஊர் திரும்பிய புதிதில் சொன்ன புனிதப் பயணச் சாட்சியை மறுபடி சொல்லும்படி நேசையாவை அழைத்தார். அவர் எழுந்தார்.

“வண்டியில இருந்தேன். மெர்வின் ஆஸ்பத்திரியில இருக்கான்னு போன் வந்துது. டிக்கெட் எடுத்து வந்துட்டேன்.”

சொல்லிவிட்டு அமர்ந்தார். இன்னும் வரும் என்று போதகர் சற்று நேரம் காத்து நின்றார்.