நிரப்பாமல் போன மூன்று இடங்கள்

பொறியியல் கல்லூரியில் படித்தவன் என்று இஸ்ஸதீன் சொல்லிக்கொள்வான். முடித்தவன் என்று மட்டும் வாய் தவறியும் சொல்லமாட்டான். கடைசி வருடம் நில அளவைப் பாடம் காலை வாரிவிட்டது. கொழும்பிலிருந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்தவன், பத்து வருடமாக மலைநாட்டு அட்டனில் வாப்பாவின் இரும்புக்கடையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தான்.

1964இல் ஒருநாள் கூடப்படித்த சோலைமலை கடையேறி வந்தான். அவன் இப்போது அரசாங்க இஞ்சினியர்.

"விடுதியில இருந்த நம்ம பதினோரு பேரும் ஒருதரம் கூடணும்ப்பா. அழைப்ப நீதான் எழுதணும், ஒனக்குத்தான் அந்த நக்கல் வரும்."

"பாஸ் பண்ணாதவன் கூப்பிட்டா எவன்டா வருவான்?"

சோலைமலை காதில் போட்டுக்கொள்ளவில்லை. கூடப்போகும் ரெஸ்ட் ஹவுஸ்காரர் நாளையும் சாப்பாட்டு விலையையும் வெள்ளிக்கிழமைதான் சொல்வாராம். அதுவரை அந்த இரண்டு இடத்தையும் வெறுமையாக விட்டுப் பிரதி எடுத்து, பிறகு பேனாவால் நிரப்பித் தபாலில் போடவேண்டும்.

பிரதி எடுக்கும் மெழுகுத்தாளில் ஊசிப்பேனாவை அழுத்தி எழுத உட்கார்ந்தான் இஸ்ஸதீன்.

"தொப்பை வளர்த்த இஞ்சினியர்களே! விடுதிச் சாம்பாரில் பருப்பைத் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டோமே, நினைவிருக்கிறதா? மஃறூப் பழுதுபார்த்த மின்விசிறி மூன்று நாள் பின்பக்கமாகச் சுற்றியதே! மழைக்கோட்டோடு அட்டன் ரெஸ்ட் ஹவுசுக்கு வாருங்கள்.
நாள்: ..........
தலைக்குக் கட்டணம்: ரூபா ..........
நில அளவையில் தவறியவர்களுக்கும் சாப்பாடு உண்டு.
இப்படிக்கு, உங்கள் வகுப்புத் தோழன் .........."

அந்த இடத்தில் கை நின்றுவிட்டது. சான்றிதழ் இல்லாதவன் வகுப்புத் தோழனா? சோலைமலையின் பெயரைப் போட்டுவிடலாமா? வெட்கமாக இருந்தது. அதையும் வெறுமையாக விட்டு, அடியில் சோலைமலையின் முகவரியோடு பதில் துண்டை வரைந்து முடித்தான்.

வியாபாரிகள் சங்க அலுவலகத்திலிருந்த உருளைப் பிரதி இயந்திரத்தில், கை முழுக்க மையோடு, ஒன்பது பிரதி எடுத்தான். தன் பெயரைப் போடுவதா வேண்டாமா என்ற யோசனையிலேயே உறைகளை ஒட்டி, வியாழக்கிழமையே தபாலில் போட்டுவிட்டான்.

மறுநாள் சோலைமலை வந்தான். "மே இருவத்திநாலு, ஞாயிறு. ஏழு ரூபா. நெரப்பிரு."

இஸ்ஸதீனின் முகம் போன போக்கைப் பார்த்த மனைவி சுபைதா கேட்டாள்: "நீங்க அளவையில மட்டும்தான் பெயிலாங்க?"

ஒரு வாரத்தில் வந்த பதில்களைச் சோலைமலை கடைக்குக் கொண்டுவந்தான். துண்டை மட்டும் வெட்டி அனுப்பாமல், ஒன்பது பேரும் முழுத்தாளையே திருப்பி அனுப்பியிருந்தார்கள். நாளுக்கு எதிரே ஹசன், "என் மனைவி தாய்வீடு போகும் நாள்" என்று எழுதியிருந்தான். கட்டணத்துக்கு எதிரே மஃறூப், "விசிறிக் கதையை வாபஸ் வாங்கினால் தருவேன்" என்று எழுதியிருந்தான்.

மூன்றாவது இடத்தில் மட்டும் ஒருவரும் விளையாடவில்லை. ஒன்பது தாளிலும், ஒன்பது கையெழுத்தில், ஒரே பெயர்: இஸ்ஸதீன்.

"பேரு போடாட்டி கண்டுபிடிக்க மாட்டாங்கன்னு நெனச்சியா?" என்றான் சோலைமலை.

இஸ்ஸதீன் ஒன்பது தபாலட்டைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் முதலில் 'உங்கள் வகுப்புத் தோழன் இஸ்ஸதீன்' என்று எழுதினான். நாளையும் கட்டணத்தையும் சுபைதாவை எழுதச் சொன்னான்.