வலப்பக்கத்தில் இருந்த கயிறு

"படம் வெட்டுறதுக்கு ஒரு படிப்போ பிள்ளை? சொல்லியிருந்தா நானே ஒரு கத்தரிக்கோல் வாங்கித் தந்திருப்பனே."

ஓர்ஸ் ஹில்லில் உள்ள செய்தித்தள அலுவலகத்தில் நான் பயிற்சிக்குச் சேர்ந்த அன்று மாமா இப்படிக் கேட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அந்தப் பகிடி சுட்டது. படப்பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவரை எல்லாரும் அக்கா என்றே கூப்பிடுவார்கள்; அவர் வேலை செய்வதைப் பார்த்த பிறகு, அதற்குப் பதில் சொல்ல வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

துறைமுகத்துப் பக்கம் படகு கட்டும் இடம் பற்றி இரண்டு பகுதி மீனவருக்குள் தகராறு வந்த நாள் அது. எங்களுக்கு வந்த படத்தில், சமாதானம் பேச வந்த உத்தியோகத்தர் ஒருவர் கரையில் நிற்கிறார். அவருக்கு எதிரே ஒரு மீனவர் கையை உயர்த்தியபடி நிற்கிறார். அந்தப் படத்தைக் கைத்தொலைபேசித் திரைக்கு ஏற்றபடி நெடுக்காக வெட்டும் வேலை எனக்கு. இரு பக்கமும் குறைத்தேன், காலடியையும் எடுத்தேன். இரண்டு முகமும் ஒரு கையும் மிஞ்சின. "இதுதான் படம்! போடுங்கோ" என்றார் செய்தி ஆசிரியர். மகிழ்ச்சியில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அக்கா எழும்பி, படத்தைப் பார்த்திராத விளையாட்டுச் செய்தியாளரைக் கூப்பிட்டார். "இதில என்ன நடக்குது, தம்பி?"

"அடிக்கப் போறான். மற்றவர் பயந்து பின்னால சாயிறார்."

நான் வெட்டியதைக் கொஞ்சம் கொஞ்சமாக அக்கா திரும்ப விரித்தார். கீழே விரித்ததும் கால்கள் வந்தன. இருவருக்கும் நடுவில் நல்ல இடைவெளி இருந்தது. தூரத்திலிருந்து பெரிய லென்ஸால் எடுத்தால் தள்ளி நிற்பவர்களும் ஒட்டி நிற்பதுபோலத் தெரியும், தரைதான் அதைக் காட்டிக்கொடுக்கும் என்றார். வலப்பக்கம் விரித்ததும் படகு வந்தது. அதிலிருந்து எறிந்த ஈரக்கயிறு காற்றில் நின்றது. அதைப் பிடிக்கத்தான் அந்தக் கை.

"அட, கயிறு!" என்றார் விளையாட்டுச் செய்தியாளர்.

"முழுசாப் போட்டா எல்லாரும் எறும்பு மாதிரித் தெரிவினம். ஆர் பார்க்கிறது?" என்றார் செய்தி ஆசிரியர்.

"எறும்பாத் தெரியட்டும். அடிகாரனாத் தெரிஞ்சா நாளைக்கு இந்தாள் கரைக்கு வர ஏலாது. அந்தப் பக்கத்தாக்கள் விடுவினமே?"

முழுப்படத்தையும் அக்கா அப்படியே நம்பவில்லை. "எடுத்தவரும் ஒரு பக்கத்தை விட்டிட்டுத்தான் எடுத்திருப்பார்" என்று சொல்லி அவருக்கே தொலைபேசியில் கதைத்தார். கயிறு வந்தது உண்மை, கைகலப்பு எதுவும் நடக்கவில்லை என்று உறுதியானது. பிறகு இடப்பக்கத்து வெறும் மணலை மட்டும் குறைத்துப் படத்தைப் போட்டார். செய்தி ஆசிரியர் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அக்கா குரலை உயர்த்தவே இல்லை. அந்த மீனவருக்கு இது எதுவுமே தெரிந்திருக்காது.

போன மாதம், படம் எடுக்கும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். முதல் நாளே சாம்பல்தீவுக்கு அனுப்பினார்கள். வலை இழுப்பவர் ஒருவரின் முகம் கமராவுக்குள் அழகாக நிறைந்து நின்றது. பின்னோக்கி நடந்தேன், வலையின் மறுமுனையை இழுக்கும் பெண்ணும் உள்ளே வரும்வரை. பிறகுதான் பொத்தானை அழுத்தினேன்.