வளையல் படத்துக்கு உலகம்மாள் எழுதிய வரி

தென்காசி ஜவுளிக்கடை ஒன்றின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைக் கவனிப்பது உலகம்மாளின் வேலை. நாலு பேர் நடுவில் வாயே திறக்கமாட்டாள். ஆனால் தமிழோ இங்கிலீஷோ, ஒரு படத்துக்குக் கேப்ஷன் கேட்டால் டீ ஆறுவதற்குள் எழுதிக் கொடுத்துவிடுவாள். சிநேகிதிகளின் கல்யாணப் படங்களுக்கெல்லாம் அவள் வரிகள்தான்.

ஸ்வாதிக்கு எழுதும்போதுதான் கை ஓடவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்தே ஒட்டிக்கொண்டவள் ஸ்வாதி. குற்றாலத்தில் வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்காக அம்மாவோடு கடையத்துக்குக் காரில் ஏறும்போது சொன்னாள்: "என் படத்த உன் பக்கத்துல நீதான் போடணும். போடுததுக்கு முன்ன எனக்குக் காட்டு."

முகமும் வயிறும் தெரியக்கூடாது, கண் பட்டுவிடும் என்று ஸ்வாதியின் மாமியார் சொல்லிவிட்டார். அதனால் உலகம்மாள் தேர்ந்தெடுத்தது கைகள் மட்டும் தெரியும் படத்தை. முழங்கை வரை கண்ணாடி வளையல், புறங்கையில் சந்தனம்.

முதலில் இங்கிலீஷில் எழுதி அனுப்பினாள். புதிய அத்தியாயம், புதிய வெளிச்சம் என்ற அர்த்தத்தில். உடனே ஸ்வாதி போனில் கூப்பிட்டுச் சிரித்தாள்.

"ஏட்டி, ஆடித் தள்ளுபடிக்குப் போடுத மாதிரில்லா இருக்கு!"

அடுத்தது தமிழில். தாய்மை, தவம், தெய்வம் என்று பெரிய பெரிய வார்த்தைகள். இந்தத் தடவை ஸ்வாதி சிரிக்கவில்லை.

"நல்லாத்தாம்ட்டி இருக்கு. ஆனா இதுல நான் எங்க இருக்கேன்? வந்தவங்க எல்லாம் வயித்தத் தொட்டுப் பாத்தாவ. பிள்ள அசையுதா, பிள்ளைக்கு என்ன பேருன்னு கேட்டாவ. நீயுமா?"

உலகம்மாளுக்குச் சுருக்கென்றது. சந்தனம் பூசும்போது அவளும் "குட்டி உதைக்கா?" என்றுதான் கேட்டிருந்தாள். இதையும் தப்பாக எழுதினால் ஸ்வாதி இனி எதுவும் சொல்லாமல் சிரித்துவைப்பாள். அந்தச் சிரிப்பை நினைக்கவே பயமாக இருந்தது.

படத்துக்குக் கீழே முதல் ஒன்றிரண்டு வரிதான் கண்ணில் படும், மிச்சத்தைத் தொட்டுத் திறக்கவேண்டும் என்பது அவளுக்குத் தெரிந்த தொழில். கேட்காமல் விட்டதை அந்த முதல் வரியில் வைத்தாள்.

"ஸ்வாதி, நீ எப்படி இருக்க?

ஐந்தருவியில் என் கையைப் பிடித்துக்கொண்டு முதலில் தலையைக் கொடுத்தவள் நீ. பயந்துகொண்டேதான் கொடுத்தாய். பிள்ளையே, நீ அம்மா என்று கூப்பிடப்போகிறவள் மிளகாய் பஜ்ஜியில் பங்கு தரமாட்டாள், கணக்கு டீச்சர் மாதிரி நடித்துக் காட்டுவாள். சீக்கிரம் வந்து தெரிந்துகொள். எனக்கு அவள் எப்போதும் ஸ்வாதிதான்."

அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். "போடு" என்று ஒற்றை வார்த்தை வந்தது. போட்டாள்.

வாழ்த்தும் இதயங்களுமாகக் குவிந்ததற்கு நடுவே, எல்லாரும் பார்க்கும்படி ஸ்வாதி பதில் எழுதியிருந்தாள்:

"இடுப்பு வலிக்கு. பயமா இருக்கு. ஞாயித்துக்கிழம கடையத்துக்கு வா. பஜ்ஜி வாங்கிட்டு வா, பங்கு கேக்காத."